நவக்கிரகக் கோயில்களுக்கு நாலு ராத்திரி: கும்பகோணத்திலேயே தங்குவதா, தினம் ஒரு லாட்ஜ் மாறுவதா?

கும்பகோணம் வட்டாரத்துக் கோயில்களுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கும்பகோணத்தில் ரூம் போட்டுவிட்டு நாலு நாளும் அங்கிருந்தே போய்வருவது ஒன்று. எந்த ஊரில் பொழுது சாய்கிறதோ அந்த ஊரிலேயே தங்கிக்கொள்வது இன்னொன்று. முதலாவதில் கிழக்குப் பக்கத்துக் கோயில்களுக்காக மயிலாடுதுறைச் சாலையிலேயே திரும்பத் திரும்பப் போய்வர நேர்கிறது. இரண்டாவதில் தினமும் காலையில் பெட்டி கட்டுவதிலேயே தரிசன நேரம் கரைகிறது. ஒன்பது கோயில்களும் இருக்கிற இடத்தையும், நடை திறந்து சாத்துகிற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு வழி தெரியும். கும்பகோணத்தில் மூன்று ராத்திரி, மயிலாடுதுறையில் ஒரு ராத்திரி. ஏன் இந்தக் கணக்கு, எந்த நாளில் எங்கே போவது, உங்கள் ஊர் வேறு திசையில் இருந்தால் எதை மாற்றுவது என்று கீழே படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: கோயில்களை மூன்று வளையமாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் நடுவே கும்பகோணம் என்று எழுதி, போக வேண்டிய இடங்களைத் தூரப்படி சுற்றிக் குறியுங்கள். எல்லாம் சுமாரான தூரம்தான். எந்தச் சாலையில் போகிறோம் என்பதைப் பொறுத்து நாலைந்து கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும்.

20 கிலோமீட்டருக்குள் வருவது உள்வளையம். ராகுவுக்குத் திருநாகேஸ்வரம் 6 கி.மீ., சூரியனுக்குச் சூரியனார்கோயில் 15, குருவுக்கு ஆலங்குடி 17, சுக்கிரனுக்குக் கஞ்சனூர் 20. கிரகக் கணக்கில் வராத தாராசுரம், சுவாமிமலை, ஒப்பிலியப்பன் கோயில், திருபுவனம், நாச்சியார்கோயில் எல்லாம் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

35 முதல் 40 கிலோமீட்டர் நடுவளையம். மேற்கே சந்திரனுக்குரிய திங்களூர், அதைத் தாண்டித் தஞ்சாவூர். வடக்கே அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம்.

50 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வெளிவளையம். செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், புதனுக்குத் திருவெண்காடு, கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், சனிக்குத் திருநள்ளாறு. நாலுமே கிழக்கில்தான் இருக்கின்றன. மயிலாடுதுறையிலிருந்து பார்த்தால் இதே நாலும் சுமார் 15 முதல் 35 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

ஒன்பதில் ஐந்து கும்பகோணத்துக்கு அருகிலோ மேற்கிலோ இருக்கின்றன. மீதி நாலும் மொத்தமாகக் கடலோரப் பக்கம் இருக்கின்றன. நாலு திசையிலும் சமமாகச் சிதறியிருந்தால் ஒரே ஊரில் தங்குவதே சரியாக இருந்திருக்கும். ஒரே கோட்டில் வரிசையாக இருந்தால் தினம் ஊர் மாறுவது சரி. இங்கே இரண்டு கொத்துகள் இருப்பதால் தங்குமிடமும் இரண்டு போதும்.

தஞ்சாவூரைத் தங்கும் ஊராக வைத்துக்கொண்டால் என்ன என்று பலர் நினைப்பதுண்டு. லாட்ஜ்களும் உணவகங்களும் அங்கே அதிகம்தான். ஆனால் தஞ்சாவூர் இந்த வட்டாரத்தின் மேற்கு ஓரம். அங்கிருந்து திருநள்ளாறோ திருவெண்காடோ போய்வருவது ஒரு பகலை முழுதாக விழுங்கும். பெரிய கோயிலும் அரண்மனையும் மட்டும் பார்க்க வருகிறவர்களுக்குத் தஞ்சாவூர், நவக்கிரகத்துக்குக் கும்பகோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மதியம் 12 முதல் 4 வரை என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள்

பயணத் திட்டம் குலைவது பெரும்பாலும் இந்த நாலு மணி நேரத்தில்தான். இந்த வட்டாரக் கோயில்களில் பெரும்பாலும் காலை 6 மணி வாக்கில் நடை திறந்து 12 அல்லது 12:30க்குச் சாத்துவார்கள். மறுபடி திறக்க மாலை 4 ஆகும். இரவு 8, 8:30 வரை இருக்கும். கோயிலுக்குக் கோயில் அரைமணி வித்தியாசம் உண்டு. மார்கழியில் அதிகாலையிலேயே திறந்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் காலையில் 6 மணி நேரமும் மாலையில் 4 மணி நேரமும்தான் தரிசனத்துக்குக் கிடைக்கும்.

மதியத்தை எங்கே கழிப்பது என்பதைத்தான் தங்குமிடம் தீர்மானிக்கிறது. காலையில் போன கோயில் உள்வளையத்தில் இருந்தால் 12 மணிக்குக் கிளம்பி 12:45க்குள் ரூமில் இருக்கலாம். சாப்பிட்டு, பெரியவர்கள் ஒன்றரை மணி நேரம் கால் நீட்டிப் படுத்துவிட்டு, 3:30க்கு மறுபடி கிளம்பலாம். ஒரே ஊரில் தங்குவதன் முழுப் பயனும் இந்த மதியத் தூக்கத்தில்தான் இருக்கிறது. வெளிவளையத்தில் இருக்கும்போது அப்படித் திரும்பிவர முடியாது. திருவெண்காட்டிலிருந்து கும்பகோணம் வந்து மறுபடி கீழப்பெரும்பள்ளம் போவதை யாரும் யோசிக்கமாட்டார்கள். அங்கே மதியம் முழுவதும் காருக்குள்ளோ ஏதாவது மண்டபத்திலோ உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அருகிலேயே ஒரு ரூம் இருப்பது அந்த ஒரு நாளில்தான் தேவை.

லாட்ஜ் மாறுவதற்கும் ஏற்ற நேரம் இதே மதியம்தான். ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் சாமான்களைக் கட்ட 40 நிமிடம். பில் முடித்துக் கீழே இறங்க 15. புது ஊரில் லாட்ஜைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்த 20. எல்லோருடைய ஆதார் அட்டையையும் காட்டிப் பதிவு செய்ய 15. ரூமைப் பார்த்து, வெந்நீர் வருகிறதா என்று சோதித்து, வேண்டியதை வெளியே எடுத்து வைக்க அரைமணி. மொத்தம் இரண்டு மணி நேரம். இதை மாலை 6 மணிக்குச் செய்தால் ஒரு கோயில் போச்சு. மதியம் 1 மணிக்குச் செய்தால் நடை சாத்தியிருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும். காலையில் பெட்டி கட்டுகிற 40 நிமிடம் மட்டும்தான் உண்மையான இழப்பு.

மூன்றாம் படி: வீடு திரும்பும் திசையைப் பாருங்கள்

தூரத்துக் கொத்தைப் பயணத்தின் எந்த முனையில் வைப்பது என்பதை உங்கள் ஊர்தான் சொல்ல வேண்டும். கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் மெயின் லைன் ரயில்கள் மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாகப் போகின்றன. ஆகவே சென்னைக்காரர்களுக்குக் கிழக்கே போவது வீட்டுக்குப் போகும் வழி. கிழக்குக் கோயில்களைக் கடைசியில் வைத்து மயிலாடுதுறையிலேயே ரயில் ஏறினால், கும்பகோணத்துக்குத் திரும்பிவரும் ஒன்றரை மணி நேரப் பயணமே இல்லாமல் போகும்.

திருச்சி, மதுரை, கோவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அவர்கள் முதல் நாள் நேராக மயிலாடுதுறை போய்விட வேண்டும். ஒரு ராத்திரி அங்கே, பிறகு மேற்கே வந்து கும்பகோணத்தில் மூன்று ராத்திரி, கடைசி நாள் திங்களூர், தஞ்சாவூர் பார்த்துவிட்டுத் தஞ்சாவூரில் ரயிலோ பேருந்தோ ஏறலாம். முதலில் கும்பகோணம், பிறகு மயிலாடுதுறை என்று போனால் கடைசியில் பார்த்த ஊர்களையெல்லாம் தாண்டித் திரும்ப வர வேண்டியிருக்கும். அவர்களுக்கு அப்படிப் போவதைவிடக் கும்பகோணத்திலேயே நாலு ராத்திரி தங்குவது மேல்.

சென்னையிலிருந்து ஐந்து பேர்: முழுத் திட்டம்

கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை, எழுபது வயதை ஒட்டிய தாத்தா, பாட்டி என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் வெள்ளி விடியற்காலையில் கும்பகோணம். செவ்வாய்க்கிழமை திரும்புகிறார்கள்.

வெள்ளி. விடியற்காலையில் இறங்குவதால் 24 மணி நேரக் கணக்கில் வாடகை வாங்கும் லாட்ஜாகப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும். பகல் 12 மணிக்குத்தான் செக்-இன் என்று சொல்லும் ஹோட்டலானால் காலைக்கு அரைநாள் வாடகை கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது 12 வரை வரவேற்பறையில் உட்காரவேண்டும். குளித்து, காபி குடித்து, 7:30க்குக் கிளம்புங்கள். மயிலாடுதுறைச் சாலையில் ஆடுதுறை போய் வடக்கே திரும்பினால் திருமங்கலக்குடி. அங்கே பிராணநாதேஸ்வரரைத் தரிசித்துவிட்டுத்தான் சூரியனார்கோயில் போகவேண்டும் என்பது வழக்கம். திட்டம் போடும்போது பலர் இதை விட்டுவிட்டு, அங்கே போனபிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். அதற்கு அரைமணி ஒதுக்கிவிடுங்கள். அடுத்து சூரியனார்கோயில், பிறகு கஞ்சனூர். வெள்ளிக்கிழமை சுக்கிரனுக்குரிய நாள் என்பதால் கஞ்சனூரில் கொஞ்சம் கூட்டம் இருக்கும். 11:30க்கு அங்கிருந்து கிளம்பினால் 12:30க்குள் ரூம். ரயிலில் தூக்கம் கெட்டவர்களுக்கு இன்றைய மதியம் கட்டாயம் வேண்டும். மாலை 4 மணிக்கு நீடாமங்கலம் சாலையில் ஆலங்குடி; 7 மணிக்குத் திரும்பிவிடலாம். வியாழக்கிழமையானால் ஆலங்குடியில் வரிசை நீளும். வெள்ளி மாலை அவ்வளவு இருக்காது.

சனி. மேற்குப் பக்கம் போகும் நாள். 6 மணிக்குக் கிளம்பி ஏழு மணி வாக்கில் திங்களூர். சின்னக் கோயில், அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர். முக்கால் மணி நேரம் போதும். திருவையாறு வழியாகத் தஞ்சாவூருக்கு 9 மணிக்குள் போய்விடுங்கள். பெரிய கோயில் பிராகாரத்தின் கல்தரை 11 மணிக்கெல்லாம் காலைச் சுட ஆரம்பித்துவிடும். செருப்பில்லாமல் பெரியவர்களால் அதன்மேல் நடக்க முடியாது. 1010இல் குடமுழுக்குக் கண்ட கோயிலைத் தரைச்சூட்டுக்குப் பயந்து பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவது வருத்தமான விஷயம். மதியத்தை அரண்மனைக் கலைக்கூடத்தில் கழியுங்கள். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் நிழலில் நிதானமாகப் பார்ப்பதற்கென்றே இருப்பவை. 3:30க்குக் கிளம்பினால் கும்பகோணத்துக்குள் நுழைவதற்கு முன்பே தாராசுரம் வந்துவிடும். மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அங்கே தூண்களில் இருக்கும் சின்னச் சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும். தாராசுரத்துக்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்குவதைவிட இப்படித் திரும்பும் வழியில் வைப்பது நல்லது.

சனிக்கிழமை மேற்கே போவதற்கு இன்னொரு காரணம் திருநள்ளாறு. அன்று அங்கே கூட்டம் நெரியும். சனிக்கிழமையே போகவேண்டும் என்ற வேண்டுதல் இருந்தால் அதற்கேற்றபடி முழுத் திட்டத்தையும் நகர்த்துங்கள். இல்லாவிட்டால் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது.

ஞாயிறு. 6:30க்கு வடக்கே. கொள்ளிடத்தைக் கடக்கும் அணைக்கரைப் பாலம் பழையது, குறுகலானது. ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்திவைத்து மறுபக்கத்து வண்டிகளை விடும்போது 10, 15 நிமிடம் காத்திருக்க நேரும். காலை எட்டு மணிக்குள் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்தால் கூட்டமும் வெயிலும் இல்லாமல் பார்த்துவிட்டு 10:15க்குக் கிளம்பலாம். பகல் பன்னிரண்டுக்கு முன்பே ரூம், சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4:30 முதல் 6. அந்த நேரத்தில் திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலபிஷேகம் நடக்கும். ஊற்றும் பால் நீலமாக மாறுவதைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். 3:30க்கே போய் நின்றால்தான் கண்ணில் படும் இடம் கிடைக்கும். 6 கிலோமீட்டர்தான் என்பதால் காருக்குப் பதில் ஆட்டோ போதும். அங்கிருந்து ஒப்பிலியப்பன் கோயில் மிக அருகில். அதோடு அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள்.

இரவே பெட்டிகளைக் கட்டி வைத்துவிடுங்கள். வெள்ளி, சனியில் துவைத்துக் கொடியில் போட்ட துணியெல்லாம் இதற்குள் காய்ந்திருக்கும்.

திங்கள். 6 மணிக்கு ரூமைக் காலிசெய்து சாமான்களோடு கிளம்புகிறோம். 24 மணி நேரக் கணக்கும் வெள்ளி காலையில் நீங்கள் நுழைந்த நேரத்தை ஒட்டியே முடியும். உதாரணமாக 5:30க்கு ரூமுக்குள் போயிருந்தால் திங்கள் 5:30க்கே மூன்று நாள் முடிந்துவிடும். அரைமணி, ஒருமணி கூடுதலை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்வார்கள் என்று முன்தினமே வரவேற்பில் பேசிவிடுங்கள். 7:30 வாக்கில் வைத்தீஸ்வரன்கோயில். அங்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். பிறகு திருவெண்காடு. அங்கே மூன்று குளங்களில் நீராடும் வழக்கம் உண்டு. பெரியவர்கள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டால் நேரமும் மிச்சம், ஈரத் துணிச் சுமையும் இல்லை. 11:45க்குக் கிளம்பி மதியம் 1 மணிக்கு மயிலாடுதுறையில் ரூம் போடுங்கள். 12 மணிச் செக்-இன் ஹோட்டலாக இருந்தாலும் இன்றைக்குப் பிரச்சினை இல்லை, ரூம் தயாராக இருக்கும். 3:30க்கு வெறுங்கையோடு கீழப்பெரும்பள்ளம். பூம்புகார் அருகில்தான், பொழுது இருந்தால் கடற்கரையையும் பார்த்துவிட்டு 7:30க்குத் திரும்பலாம்.

செவ்வாய். 5 மணிக்குக் கிளம்பி ஆறு மணி வாக்கில் திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் குளித்து, ஈரம் மாற்றி, தர்ப்பாரண்யேஸ்வரரையும் சனீஸ்வரரையும் தரிசித்து எட்டரைக்குக் கிளம்பினால் 9:30க்கு மயிலாடுதுறை. பகலில் சென்னைக்குப் போகும் சோழன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். நேரத்தை அன்றைய அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ரூமில் ஒருமுறை படுத்து எழவும் நேரம் இருக்கும்.

இதையே தினம் ஒரு லாட்ஜாகச் செய்திருந்தால்

வெள்ளி கும்பகோணம், சனி தஞ்சாவூர், ஞாயிறு வைத்தீஸ்வரன்கோயில், திங்கள் காரைக்கால் என்று போயிருப்பார்கள். கிலோமீட்டர் கொஞ்சம் குறையும். ஆனால் மூன்று முறை ஊர் மாறவேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். கங்கைகொண்ட சோழபுரம் எந்த நாளுக்குள்ளும் பொருந்தாமல் விடுபட்டுப்போகும். நாலு நாளில் மூன்று நாள் பெட்டிகள் கார் டிக்கியில் இருக்கும்; நகை, மருந்து, பணம் உள்ள பையை யாராவது ஒருவர் சுமந்துகொண்டே சன்னிதிக்குள் நிற்பார். தீர்த்தத்தில் நனைந்த வேட்டியும் புடவையும் பாலிதீன் பைக்குள் இரண்டு நாள் கிடந்து முடைநாற்றம் வீசும். பாட்டிக்கு ஒவ்வொரு ராத்திரியும் புதுக் குளியலறை. இருட்டில் எழுந்து போகும்போது படி எங்கே இருக்கிறது என்று தெரியாது. வயதானவர்கள் விழுவதற்கு இதுவே போதும்.

இன்னொரு பக்கம், ஐந்து நாளும் கும்பகோணத்திலேயே இருந்து கிழக்கே இரண்டு நாள் போய்வந்திருந்தால், போகவர மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல் சாலையில். திங்கள் இரவு திரும்பும்போது ஒன்பது மணியாகும், செவ்வாய் காலை 4 மணிக்கே எழவேண்டும். தங்கும் ஊர் தவறு என்பதற்கு இரண்டு அடையாளம் சொல்லலாம்: அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே சாலையில் ஒரே திசையில் போகிறீர்கள், இரண்டு இரவுகள் ஒன்பது மணிக்குப் பிறகு ரூமுக்கு வருகிறீர்கள். திட்டத்தைத் தாளில் எழுதும்போதே இது தெரிந்துவிடும்.

கார் கணக்கு

தங்கும் முறை மாறினால் கார் செலவும் மாறும். சென்னையிலிருந்தே வாடகைக் கார் எடுத்தால் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று கணக்குப் போடுவார்கள். 250 கி.மீ. என்பது பரவலான வழக்கம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் உண்டு. மேலே சொன்ன திட்டத்தில் வெள்ளி 75, சனி 95, ஞாயிறு 80, திங்கள் 140, செவ்வாய் 65 என்று ஐந்து நாளும் சேர்த்தே சுமார் 455 கிலோமீட்டர்தான். ஐந்து நாளுக்கு 1250 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுவீர்கள். சென்னையிலிருந்து போகவர ஓடும் தூரத்தைக் கழித்தால்கூடக் கணிசமான தொகை வீண். அதற்குமேல் டிரைவர் பேட்டா, அவர் தூங்க இடம்.

ரயிலில் வந்து உள்ளூர் வண்டியை நாள்நாளாக அமர்த்தினால் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்பதுபோல் பேசிக்கொள்ளலாம். மதியம் மூன்று மணி நேரம் நீங்கள் தூங்கும்போது வண்டி சும்மா நிற்பதற்கும் மணிக்கணக்கு ஓடும் என்பதை மறக்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குக் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று தனித்தனியாகப் பேசுவது மலிவாக வரலாம். இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். தினம் ஒரு ஊரில் தங்கினால் இந்தச் சலுகை கிடைக்காது. ஒரே வண்டியைக் கடைசிவரை பிடித்துவைத்திருக்க வேண்டியதுதான்.

திங்கள்கிழமைக் காருக்கு மட்டும் கவனம் வேண்டும். உங்களை மயிலாடுதுறையில் விட்டுவிட்டு டிரைவர் 35 கிலோமீட்டர் காலியாகத் திரும்ப வேண்டும், அதையும் சேர்த்துத்தான் கேட்பார். கீழப்பெரும்பள்ளம் போய்வரும்வரை அவரையே வைத்துக்கொண்டு, செவ்வாய் காலைக்கு மயிலாடுதுறை வண்டியை ஏற்பாடு செய்யுங்கள். திருநள்ளாறு புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்கால் மாவட்டத்தில் இருப்பதால், பெர்மிட் செலவு ஏதும் தனியாக உண்டா என்று வண்டி பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையில் நின்றுகொண்டு பேசுவது சங்கடம்.

ரூம் போடும்போது கேட்க வேண்டியவை

இணையத்தில் பதிவு செய்தாலும் லாட்ஜுக்கு ஒருமுறை நேரடியாகப் போன் போட்டுப் பேசிவிடுங்கள். 24 மணி நேரமா, 12 மணிச் செக்-அவுட்டா என்பது முதல் கேள்வி. இணையதளங்களில் 12 மணி என்று போட்டிருக்கும், நேரில் 24 மணி நேரம் கொடுப்பார்கள், நேர்மாறாகவும் நடக்கும். வெந்நீர் நாள் முழுவதும் வருமா, காலையில் மட்டுமா என்று கேளுங்கள். பல லாட்ஜ்களில் காலை இரண்டு மணி நேரம்தான் விடுவார்கள். 5 மணிக்குக் கிளம்பும் நாளில் அது கிடைக்காது. லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தளத்தில் அல்லது முதல் மாடியில், வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ரூம் வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும்.

கும்பகோணத்தில் ரயில் நிலையம், பேருந்து நிலையம், மகாமகக் குளம் சுற்றுவட்டாரத்தில் தங்கினால் விடியற்காலை வருகைக்கும் கிழக்கே போவதற்கும் வசதி. கும்பேசுவரர் கோயிலை ஒட்டிய கடைத்தெருக்கள் குறுகலானவை, கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். மூன்று ராத்திரிக்கும் முழுப்பணத்தை முன்னதாகக் கட்டாதீர்கள். ஒரு ராத்திரிக்கு மட்டும் கட்டிவிட்டு, ரூம் பிடித்திருந்தால் மறுநாள் காலையில் மீதியைக் கட்டலாம்.

விசேஷ நாட்களில் இப்படி நிதானமாகப் பேச முடியாது. மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2016இல் நடந்தது, அடுத்தது 2028. அப்போது கும்பகோணத்தில் தங்குவதை மறந்துவிட்டுத் தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ ரூம் பாருங்கள். குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடிப் பக்கமும் சனிப்பெயர்ச்சிக்குக் காரைக்கால் பக்கமும் நிரம்பும். திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் பெயர்ச்சி. திருக்கணிதப்படி போட்ட நாள்காட்டியைப் பார்த்து ரூம் போட்டால் பல மாதங்கள் தள்ளிப்போகக்கூடும். திங்கள் மாலை போகும் கீழப்பெரும்பள்ளத்துக்குப் பக்கத்தில் தங்கலாமே என்று திருக்கடையூரை நினைப்பவர்களும் உண்டு. அறுபதாம், எண்பதாம் கல்யாணங்களால் முகூர்த்த நாட்களில் அங்கே இடம் கிடைப்பது அரிது. மயிலாடுதுறையே பாதுகாப்பான தேர்வு.

எப்போது இந்தத் திட்டம் பொருந்தாது

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் முந்தைய இரவு கும்பகோணத்தில் தங்கி, ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் வழி இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்தே விடுகிறது. விடியற்காலையில் திங்களூரில் ஆரம்பித்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில் என்று மதியத்துக்குள் ஆறு. 4 மணிக்கு மேல் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. காரில் போனாலும் இதே வரிசைதான். ஏழாவது கோயிலை 12 மணிக்குள் பார்த்துவிடலாம் என்று விரட்டினால் சாத்திய கதவுதான் கிடைக்கும். முட்டி வலிக்காரர்களை இதில் சேர்க்காதீர்கள்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சொந்தக் காரில் தெற்கே இறங்கிக்கொண்டே போகிறவர்களுக்குத் தினம் ஊர் மாறுவதுதான் சரி. திரும்பி வர எந்தக் காரணமும் இல்லாத நேர்க்கோட்டுப் பயணம் அது. அங்கேயும் மூன்றாவது நாளில் ஒரு ஊரில் இரண்டு ராத்திரி வைத்துக்கொண்டால் துணி துவைக்கவும் வண்டி ஓட்டுபவர் தூங்கவும் முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் கிழக்குப் பக்கத்தைத் திட்டத்தின் இறுக்கமான நாளில் வைக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில்தான் அதிகம் அடிக்கும். சீர்காழி, பூம்புகார் பக்கத்துக் கிளைச்சாலைகளில் தண்ணீர் நின்றால் 25 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த மாதங்களில் மயிலாடுதுறையில் ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டாகப் போட்டு, கங்கைகொண்ட சோழபுரத்தை விட்டுவிடுங்கள். திரும்பும் ரயிலையும் பகல் வண்டியாக இல்லாமல் இரவு வண்டியாகப் பதிவு செய்துகொண்டால், காலையில் மழை பிடித்தாலும் மாலை நடை திறந்தபிறகு திருநள்ளாறு போய்வர நேரம் இருக்கும்.